நுனி வெடித்த முடி: எங்கே வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது?

கொட்டகலை டீச்சர் | 16 ஜனவரி 2024, இரவு 9.10

என் முடி இடுப்புக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. பிடரியிலிருந்து நுனி வரை 62 சென்டிமீட்டர். இன்றைக்குத்தான் தங்கச்சி தையல் டேப்பால் அளந்து சொன்னாள். போன ஜூலையில் டவுனில் ஒரு பார்லரில் "ஒரு அங்குலம் மட்டும்" என்று சொல்லி உட்கார்ந்தேன். எழும்பிப் பார்த்தால் நாலு அங்குலம் தரையில் கிடந்தது. "நுனியெல்லாம் வெடிச்சிருந்துச்சு, அதான் எடுத்துட்டேன்" என்றார்கள். சரி, போனது போகட்டும் என்று விட்டேன். ஆறு மாதம்தான் ஆகிறது, பொங்கலுக்குத் தலை குளித்துக் காயவைக்கும்போது பார்த்தால் மறுபடியும் வெடிப்பு.

என் கேள்வி இதுதான். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? வெட்டுகிறவர் சொல்வதை நம்பி உட்கார எனக்கு இனி மனமில்லை.

நானுஓயா குளிர் | 16 ஜனவரி 2024, இரவு 9.45

டீச்சர், ஆறு கிழமைக்கு ஒரு தடவை ஒரு அங்குலம் வெட்டுங்கள். வெட்ட வெட்டத்தான் முடி வேகமாக வளரும். இடையில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி நுனியில் பூசுங்கள், வெடிப்பு ஒட்டிவிடும். நான் பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். எங்கள் பக்கம் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வெள்ளைக் கட்டியாகக் கிடக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

பொகவந்தலாவ மாமா | 17 ஜனவரி 2024, காலை 6.30

மகள், முடியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி தெரிகிறதா? என் பேத்திக்கும் தெரிந்தது. அது ஈர். பேன்சீப்பால் ஒரு கிழமை இழுத்து வாருங்கள், சரியாகிவிடும். வெட்டத் தேவையில்லை.

பண்டாரவளை அக்கா | 17 ஜனவரி 2024, பிற்பகல் 2.20

22 வருஷமாக முடி வெட்டுகிறேன். டீச்சரின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் மாமா சொன்னதை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் யாராவது இன்றைக்கே பேன்சீப்பை எடுத்துவிடுவார்கள்.

மாமா, ஈர் தலைத்தோலுக்குப் பக்கத்தில்தான் ஒட்டும். முடியின் ஒரு பக்கமாக, எள்ளைவிடச் சின்னதாக, நீளவாக்கில் இருக்கும். நகத்தால் இழுத்தாலும் லேசில் வராது. நுனியிலிருந்து நாலைந்து விரல் தூரத்துக்குள் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ஈர் இல்லை. அந்த இடத்தில் முடியின் மேல்தோல் உரிந்து உள்நார் பிரிந்து நிற்கிறது. புள்ளியை நடுவில் வைத்து இரண்டு விரலால் மெதுவாக மடக்கிப் பாருங்கள், அதிலேயே ஒடியும். அப்படிப்பட்ட முடியைப் பேன்சீப்பால் இழுத்தால் புள்ளி இருக்கும் இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக முறியும். பேத்திக்கு இருந்தது உண்மையிலேயே ஈராக இருக்கலாம், நான் பார்க்கவில்லை.

நானுஓயாக்காரர் சொன்னதில் பாதி சரி. எண்ணெய் வெடித்த இரண்டு கிளையையும் ஒட்டிக் காட்டும், அடுத்த தலைக்குளிப்போடு விட்டுவிடும். பிளந்த முடி திரும்பச் சேராது, அதில் உயிர் இல்லை. ஆனால் குளிக்க முன்பு பூசினால் முடி தண்ணீரைக் குடித்து உப்புவது குறையும், புதுசாக வெடிப்பதும் குறையும். அதனால் எண்ணெயை விடாதீர்கள், அதை மருந்தாக மட்டும் நினைக்காதீர்கள்.

வெட்டினால் வேகமாக வளரும் என்பது தவறு. முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில். நுனியில் கத்தரி பட்டது வேருக்குத் தெரியாது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளரும். ஆறு கிழமையில் ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். ஒரு அங்குலம் என்பது இரண்டரை. வளர்ந்ததைவிடக் கூட வெட்டினால் பத்து வருஷத்தில் முடி எங்கே போயிருக்கும்?

நானுஓயா குளிர் | 17 ஜனவரி 2024, மாலை 5.05

அக்கா சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன். பத்து வருஷமாக என் முடி தோளைத் தாண்டவில்லை. என் வாகு அப்படி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கே.பி. மகன் | 17 ஜனவரி 2024, இரவு 7.30

அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தேயிலையைக் கவாத்து வெட்டினால் துளிர் கிளம்புகிறதே, முடிக்கு மட்டும் ஏன் இல்லை?

பண்டாரவளை அக்கா | 17 ஜனவரி 2024, இரவு 8.15

தேயிலைக் கட்டையில் வெட்டிய இடத்துக்குக் கீழே மொட்டு உறங்கிக் கிடக்கிறது தம்பி, அதுதான் துளிர்க்கிறது. முடியின் நடுவில் மொட்டு ஏது? இன்னொன்று சொல்கிறேன். டீச்சரின் 62 சென்டிமீட்டர் முடியின் நுனி முளைத்து நாலு வருஷத்துக்கு மேலாகிறது. உங்கள் மலையில் ஒரு கவாத்துக்கும் அடுத்த கவாத்துக்கும் இடையில் இருக்கும் காலம் கிட்டத்தட்ட அவ்வளவுதானே? அத்தனை வருஷத்து வெயில், சீப்பு, துவாய், தலையணை எல்லாம் பட்டது அந்த நுனியில்தான்.

டீச்சர், உங்களிடம் ஒரு கேள்வி. ஜூலையில் கத்தரியால் வெட்டினார்களா, பிளேட்டாலா?

கொட்டகலை டீச்சர் | 17 ஜனவரி 2024, இரவு 9.00

கத்தரியால் வெட்டிவிட்டு, கடைசியில் நுனி மெல்லிசாக வரவேண்டும் என்று பிளேடு போட்ட ஒரு சீப்பால் இழுத்து விட்டார்கள். முன்பக்கம்தான் கூட இழுத்தார்கள்.

பண்டாரவளை அக்கா | 17 ஜனவரி 2024, இரவு 9.25

நான் நினைத்தது சரி. கத்தரி முடியைக் குறுக்கே வெட்டும். பிளேடு சாய்வாகச் சீவும், பென்சில் சீவின மாதிரி. பிளேடு புதுசாக, கை பழகியதாக இருந்தால் பரவாயில்லை. மழுங்கிய பிளேடு மேல்தோலைச் சுரண்டிக்கொண்டு போகும், அந்தச் சாய்ந்த நுனிதான் முதலில் நாராகும். நாலு அங்குலம் எடுத்தும் ஆறு மாதத்தில் வெடிக்க இதுவும் ஒரு காரணம். இது மட்டும்தானா என்று இப்போது சொல்ல மாட்டேன்.

இனி அளவுக்கு வருவோம். பார்க்க வேண்டியது இரண்டு. எத்தனை முடி வெடித்திருக்கிறது, அந்தப் பிளவு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது. முடி நன்றாகக் காய்ந்த பிறகு, பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் உட்காருங்கள். ஈரத்தில் பிளவு மூடிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாது. மடியில் ஒரு வெள்ளைத் தாள். பென்சில் தடிப்பில் ஒரு கற்றையை எடுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் மேலே பிடித்து முறுக்குங்கள். முறுக்கிய கயிற்றிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் முடிகளைத் தாளுக்கு மேல் வைத்துப் பாருங்கள். துருத்தியதெல்லாம் வெடித்தது இல்லை, புது முடியும் துருத்தும். புது முடியின் நுனி ஊசி மாதிரிக் கூராக முடியும். வெடித்தது இரண்டாகவோ, கோழி இறகு மாதிரியோ பிரிந்து நிற்கும்.

பிறகு அதே கற்றையின் அடியில் கண்ணை மூடிக்கொண்டு 20 முடியைத் தனியாக எடுத்து, எத்தனை வெடித்தது என்று எண்ணுங்கள். தேடித் தேடி எடுத்தால் எல்லாம் வெடித்த மாதிரித்தான் தெரியும். ஐந்து இடத்தில் செய்யுங்கள்: வலது காதின் பின்னால், இடது காதின் பின்னால், பிடரி, நடு முதுகு, முன்பக்கம்.

கொட்டகலை டீச்சர் | 20 ஜனவரி 2024, பிற்பகல் 3.40

இன்று சனிக்கிழமை, மூட்டம் விலகி நல்ல வெளிச்சம். ஜன்னலடியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். தங்கச்சி கொப்பியில் எழுதினாள்.

20 முடியில் வெடித்தவை: பிடரியில் 3, நடு முதுகில் 4, இடது காதின் பின்னால் 6, முன்பக்கம் 9, வலது காதின் பின்னால் 11.

உயரத்தையும் அளந்தோம். அநேகமான பிளவு ஒன்றரை சென்டிமீட்டரோடு நின்றுவிடுகிறது. ஒரு முடி மட்டும் எனக்கு மறக்காது. நுனியில் இரண்டாகப் பிரிந்து, அதில் ஒரு கிளை மறுபடி பிரிந்து, சின்ன மரக்கொப்பு மாதிரி இருந்தது. விரலால் கீழிருந்து மேலே தடவினால் சொரசொரவென்று வந்து, ஆறாவது சென்டிமீட்டரில் சட்டென்று வழுக்கியது. பிளவு அங்கேதான் முடிகிறது. அப்படி ஆறு சென்டிமீட்டர் ஏறியது ஐந்து கற்றையிலுமாகச் சேர்த்து ஏழு முடிதான்.

ஆறு வரை ஏறியிருப்பதால் ஆறும் வெட்ட வேண்டுமா?

மஸ்கெலியா மகள் | 20 ஜனவரி 2024, மாலை 6.10

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா கொழுந்து எடுக்கிறவர். அவருக்கு நுனியில் வெடிப்பு அதிகம் இல்லை, உச்சியில் கூடைக் கயிறு படும் இடத்தில்தான் முடி முறிந்து முறிந்து நிற்கிறது. இதற்கும் வெட்ட வேண்டுமா?

பண்டாரவளை அக்கா | 20 ஜனவரி 2024, இரவு 8.50

டீச்சர், ஏழு முடிக்காக ஆறு சென்டிமீட்டரைத் தியாகம் செய்ய வேண்டாம். உங்களுக்கு நாலு அங்குலம் போனதே இப்படித்தான் இருக்கும். யாரோ ஒருவர் மேலே ஏறிய ஒரு பிளவைப் பார்த்து அந்த உயரத்திலேயே கோடு போட்டிருப்பார்.

கூட்டம் எங்கே நிற்கிறதோ அதற்கு வெட்டுங்கள். உங்களுக்குக் கூட்டம் ஒன்றரையில் நிற்கிறது. அதற்கு மேல் அரை சென்டிமீட்டர் நல்ல முடியையும் சேர்த்து எடுங்கள், மொத்தம் இரண்டு. அந்த அரை முக்கியம். பிளவுக்குள்ளேயே வெட்டினால் நுனி சதுரமாகத் தெரியும், ஆனால் இரண்டு கிளையும் அங்கேயே இருக்கும். சீப்புப் பட்டதும் திரும்பப் பிரியும். "போன மாதம்தானே வெட்டினேன்" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது அதுதான். நீளம் போகக்கூடாது என்று குறைத்து வெட்டியிருப்பார்கள்.

மேலே ஏறிய ஏழையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, பிளவு முடியும் இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே தனித்தனியாக நறுக்குங்கள். அவ்வளவு முடிக்குள் ஏழு குட்டையானால் யாருக்கும் தெரியாது.

இரண்டு வெட்டிய பிறகு மறுபடி 20 எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் வெடித்தது கிடைத்தால் இன்னும் அரை சென்டிமீட்டர் ஏற்றுங்கள். இது என் கைக்கணக்கு, எங்கும் படித்தது இல்லை.

மஸ்கெலியா மகளுக்கு ஆற அமர எழுத வேண்டும், நாளைக்கு எழுதுகிறேன்.

லிந்துலை | 20 ஜனவரி 2024, இரவு 10.05

எங்கள் பாட்டி வளர்பிறையில்தான் வெட்ட விடுவார். செவ்வாய், வெள்ளி கூடவே கூடாது. நாளைக்கு ஞாயிறு, வளர்பிறையும்கூட. டீச்சர் தாராளமாக வெட்டலாம்.

கொட்டகலை டீச்சர் | 21 ஜனவரி 2024, மாலை 4.30

வெட்டிவிட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், முதலில் ஒரு தவறு செய்யப் போனோம்.

பின்னலைப் போட்டுக்கொண்டு அதன் அடியை நேராக ஒரு வெட்டு வெட்டினால் போதும் என்று தங்கச்சி சொன்னாள். முன்பு ஒரு தடவை அப்படி வெட்டிய நினைவு எனக்கு இருந்தது. பின்னலை அவிழ்த்தால் ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. பின்னலுக்குள் ஒவ்வொரு கற்றையும் வளைந்து வளைந்து போவதால் அடியில் ஒன்றாகத் தெரிவது அவிழ்த்தால் ஒன்றாக இருக்காது. அதனால் விரித்துப் போட்டு, சிக்கெடுத்து, நான் கதிரையில் நேராக உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலை குனிந்தால் கோடு மாறிவிடுகிறது. தங்கச்சி பிடரியில் ஒரு ரப்பர் பட்டி, அதைச் சீப்போடு கீழே தள்ளிக்கொண்டு வந்து நுனிக்கு மேல் நாலு விரலில் இன்னொரு பட்டி. அங்கிருந்து அடிமட்டம் வைத்து இரண்டு சென்டிமீட்டர்.

கத்தரிக்கோல்தான் பிரச்சினை. வீட்டில் இருந்தது நான் வகுப்புக்குக் கடதாசி வெட்டுவது. நனைத்த டிஷ்யூ ஒன்றை வெட்டிப் பார்த்தேன், வெட்டாமல் மடித்து இழுத்தது. முடியையும் அப்படித்தானே நசுக்கும்? ஹட்டனுக்கு ஓடிப்போய் முடி வெட்டும் கத்தரி ஒன்று வாங்கி வந்தேன். அதே ஈர டிஷ்யூவைக் கோடு போட்ட மாதிரி வெட்டியது.

வெட்டிய பிறகு எண்ணினோம். பிடரியில் 0, நடு முதுகில் 1, இடது 1, முன்பக்கம் 2, வலது 4. வலது பக்கம் மட்டும் இன்னும் அரை எடுத்தோம், 2 ஆனது. அந்த அரை சென்டிமீட்டர் சாய்வு பின்னலில் தெரியவில்லை.

பண்டாரவளை அக்கா | 21 ஜனவரி 2024, இரவு 8.00

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். காய்ந்த முடியில்தானே வெட்டினீர்கள்? உங்கள் முடி சுருளா, நேரா?

கொட்டகலை டீச்சர் | 21 ஜனவரி 2024, இரவு 8.10

காய்ந்ததில்தான். லேசான அலை.

பண்டாரவளை அக்கா | 21 ஜனவரி 2024, இரவு 8.40

அதுவே சரி. ஈரமான முடி இழுபடும், அலையும் நிமிர்ந்து நிற்கும். ஈரத்தில் இரண்டு வெட்டினால் காய்ந்து மேலே ஏறும்போது நாலு போன மாதிரித் தெரியும். சுருளாக இருந்தால் இன்னும் மோசம்.

கே.பி. மகன் | 21 ஜனவரி 2024, இரவு 9.00

என் மனைவிக்கு ஊசி மாதிரி நேர் முடி. சலூனில் நனைத்துத்தான் வெட்டுகிறார்கள், கோடு அழகாக வருகிறது. காய்ந்ததில் வெட்டியபோது கோணலாகிவிட்டது.

பண்டாரவளை அக்கா | 21 ஜனவரி 2024, இரவு 9.20

நேர் முடிக்கு நானும் லேசாக நனைப்பேன் தம்பி. ஆனால் காயும்போதே பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு பிறகுதான் நனைப்பேன். என்னோடு வேலை செய்கிற தங்கச்சி எல்லா முடிக்கும் ஈரம்தான் என்று நிற்கிறாள். எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை.

மஸ்கெலியா மகளுக்கு: அம்மாவுடையது நுனி வெடிப்பு இல்லை. கயிறு ஒரே இடத்தில் அழுத்தி இழுத்து உரசுகிறது, அங்கே முடி நடுவிலேயே முறிகிறது. மூட்டத்தில் நனைந்த முடி இன்னும் லேசாக முறியும். அதை வெட்டி எடுக்கப் பார்த்தால் உச்சியில் வெட்ட வேண்டி வரும், அது வேண்டாம். கயிற்றுக்கு அடியில் என்ன போடுகிறார்?

மஸ்கெலியா மகள் | 22 ஜனவரி 2024, காலை 7.15

கொங்காணிதான் அக்கா. மழை இல்லாவிட்டால் ஒரு துண்டுத் துவாய்.

பண்டாரவளை அக்கா | 22 ஜனவரி 2024, பிற்பகல் 1.30

இரண்டும் சொரசொரப்பு. தலையில் முதலில் வழுவழுப்பான பழைய துணி ஒன்றைக் கட்டிவிட்டு அதன் மேல் துவாயைப் போடச் சொல்லுங்கள், பழைய சாட்டின் பாவாடைத் துண்டு போதும். கயிறு படும் இடத்தைத் தினமும் ஒரு விரல் முன்னே பின்னே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். வகிட்டையும் மாற்றலாம். பின்னலும் முதுகுக்கும் கூடைக்கும் நடுவில் தொங்கக் கூடாது, சுருட்டிக் கொண்டையாக மேலே போகட்டும்.

மஸ்கெலியா மகள் | 25 ஜனவரி 2024, இரவு 7.50

கயிற்றை மாற்ற முடியாது என்கிறார். பழகிய இடத்தை விட்டு நகர்த்தினால் கழுத்து வலிக்கிறதாம். துணியை மட்டும் கட்டிக்கொண்டு போகிறார்.

நானுஓயா குளிர் | 10 மார்ச் 2024, இரவு 8.30

ஆறு கிழமைக்கு ஒரு தடவை வெட்டுவதை நிறுத்தினேன். இந்தத் தடவை எண்ணிப் பார்த்தேன், 20க்கு 1. எண்ணெய் மட்டும் பழையபடி, குளிக்க முன்பு.

கொட்டகலை டீச்சர் | 20 ஏப்ரல் 2024, காலை 10.15

மூன்று மாதம். வருஷப் பிறப்பு லீவில் மறுபடி ஜன்னலடியில் உட்கார்ந்தேன்.

நீளம் 63. வெட்டிய பிறகு 60 இருந்தது, மூன்று வளர்ந்திருக்கிறது. எண்ணிக்கை: பிடரி 0, நடு முதுகு 1, இடது 1, முன்பக்கம் 1, வலது 5.

வலது மட்டும் ஏன் ஐந்து என்று விளங்கவே இல்லை. பிளேடுதான் காரணம் என்றால் அது கூடப் பட்ட முன்பக்கமல்லவா மோசமாக இருக்க வேண்டும்? வலது பக்கம் சாய்ந்து படுக்கிறேனோ என்று நினைத்தேன், இல்லை. நேற்றுத் தங்கச்சிதான் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடப் பையை வலது தோளில்தான் மாட்டுகிறேன். கொப்பிகள் நிறைந்த பை. மாட்டும்போதெல்லாம் பின்னலின் அடி வாருக்குள் மாட்டிக்கொள்கிறது, நான் பிடித்து இழுத்து விடுகிறேன். பஸ்ஸில் இடிபடும்போது இன்னும் மோசம். ஜனவரியில் எழுதிய கொப்பியை எடுத்துப் பார்த்தேன், அன்றைக்கும் வலதுதான் 11.

அக்கா, இப்போது வெட்ட வேண்டுமா?

பண்டாரவளை அக்கா | 20 ஏப்ரல் 2024, மாலை 6.45

வேண்டாம். நாலு இடம் நன்றாக இருக்கும்போது முழுக் கோட்டையும் ஏன் ஏற்ற வேண்டும்? வலது கற்றையை முறுக்கி, துருத்துவதில் வெடித்ததை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்குங்கள். பிளவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே. பையை இடது தோளுக்கு மாற்ற வேண்டாம், அப்புறம் இடது பக்கம் வெடிக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது கொண்டை போடுங்கள். ஜூலையில் மறுபடி எண்ணுங்கள். பிடரியிலும் மூன்று நாலு என்று வந்தால் அப்போது ஒரு சென்டிமீட்டர் எடுக்கலாம்.

பிளேட்டைப் பற்றி நான் அன்று சொன்னது முன்பக்கத்துக்குத்தான் பொருந்துகிறது. வலது பக்கத்துக்குப் பைதான் போலிருக்கிறது.

மஸ்கெலியா மகள் | 21 ஏப்ரல் 2024, இரவு 8.20

அம்மாவுக்கு உச்சியில் விரல் நீளத்துக்குப் புது முடி நிற்கிறது. நுனியை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். பாதி கூராக இருக்கிறது, பாதி முறிந்த மாதிரி மொட்டையாக இருக்கிறது. துணியால்தான் இந்தப் பாதி தப்பியதா, வேறு காரணமா தெரியவில்லை. துணியை நான்தான் தினமும் கட்டிவிடுகிறேன்.

பொகவந்தலாவ மாமா | 22 ஏப்ரல் 2024, காலை 6.10

பேத்தியின் முடியை மடக்கிப் பார்த்தேன். ஒடியவில்லை. தோலுக்குப் பக்கத்தில், ஒரு பக்கமாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஈர்தான்.